‘லைன்மேன் தேவை’ என்றால் யார் வருவார்கள்?

கம்பத்தில் ஏறித் தொலைபேசிக் கம்பி இழுக்கும் வேலைக்கு எத்தனை பெண்கள் ஆசைப்படுவார்கள்? 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இந்தக் கேள்வியைச் சோதித்துப் பார்த்தார்கள். விளம்பரத்தை எழுதிய விதத்துக்கு ஏற்ப விடை மாறிக்கொண்டே போனது.

அந்த நாட்டின் தொலைபேசிச் சேவையில் பெரும்பகுதி அப்போது ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்தின் கையில் இருந்தது. வேலைக்கு ஆள் எடுப்பதில் பாலினப் பாகுபாடு காட்டுவதாக அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையம் அதன்மீது குற்றம் சாட்டியிருந்தது. நிறுவனத்தில் பெண்கள் ஏராளமாக இருந்தார்கள். ஆனால், அவர்கள் இணைப்பகத்தில் ஆபரேட்டர்களாக உட்கார்ந்திருந்தார்கள். கம்பம் ஏறும் ‘லைன்மேன்’ வேலையும் இணைப்பகத்தில் கம்பிகளைப் பொருத்தும் ‘ஃபிரேம்மேன்’ வேலையும் ஆண்களிடம் இருந்தன. பெண்களுக்கு இதில் விருப்பமில்லை என்பதுதான் இப்படிப்பட்ட இடங்களில் எப்போதும் வருகிற பதில்.

சான்ட்ரா பெம், டேரில் பெம் என்ற உளவியலாளர் தம்பதி அந்தப் பதிலைச் சோதித்தார்கள். சான் பிரான்சிஸ்கோ பகுதியில் பள்ளி இறுதியாண்டு படித்த 60 மாணவிகளிடமும் 60 மாணவர்களிடமும் வேலை விளம்பரங்களைக் கொடுத்து, எந்த வேலையில் எவ்வளவு ஆர்வம் என்று கேட்டார்கள். ஒரு குழுவுக்குக் கிடைத்தவை நிறுவனம் உண்மையிலேயே வெளியிட்டுவந்த பாணியில் அமைந்தவை: பெயரில் ‘மேன்’, வாசகத்திலும் திறந்தவெளியில் வேலை பார்க்கப் பிடித்த ஆண்களை நோக்கிய அழைப்பு. இரண்டாவது குழுவுக்கான விளம்பரங்களில் பெயரும் வாசகமும் யாருக்கும் பொருந்தும்படி மாற்றப்பட்டிருந்தன. மூன்றாவது குழுவுக்குத் தலைகீழாக, கம்பம் ஏறப் பெண்களையே கூப்பிடும் விளம்பரம்.

பழைய விளம்பரத்தைப் பார்த்த பெண்களில் 5 விழுக்காட்டினர்தான் லைன்மேன், ஃபிரேம்மேன் வேலைகளில் நாட்டம் காட்டினார்கள். பொதுவான விளம்பரத்தைப் பார்த்தவர்களில் இது 25 விழுக்காடு. பெண்களையே அழைத்த விளம்பரத்துக்கு 45. ஆண்களிடமும் இதே கதைதான். ஆபரேட்டர், வாடிக்கையாளர் சேவை ஆகிய வேலைகளைப் பெண்களுக்கென்று எழுதியபோது 30 விழுக்காட்டு ஆண்களுக்கு மட்டுமே ஆர்வம் இருந்தது. பொதுவாக எழுதியதும் அது 75 விழுக்காடாக உயர்ந்தது. ஆய்வு 1973-இல் வெளியானது. அதே ஆண்டு ஜனவரியில் ஏ.டி. அண்ட் டி. அரசுடன் உடன்படிக்கை செய்துகொண்டு, பாதிக்கப்பட்ட ஊழியர்களுக்குக் கோடிக்கணக்கான டாலர் கொடுக்கவும் ஆள் எடுக்கும் முறையை மாற்றவும் ஒப்புக்கொண்டது.

இந்த எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். சோதனையில் பெயரை மட்டும் மாற்றவில்லை. வாசகத்தையும் சேர்த்தே மாற்றினார்கள். எனவே, 5-க்கும் 25-க்கும் இடையிலான தூரம் முழுவதையும் ‘மேன்’ என்ற ஒற்றை ஒட்டின் கணக்கில் எழுத முடியாது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 25-க்கும் 45-க்கும் உள்ள இடைவெளி. காலங்காலமாக ஒரு சாராரிடமே இருந்த வேலையின் பெயரைப் பொதுவாக்கினால், வெளியே நின்றவர்களில் ஒரு பகுதியினர் எட்டிப் பார்க்கிறார்கள். ‘உங்களைத்தான் கூப்பிடுகிறோம்’ என்று சொன்னால் இன்னும் பலர் உள்ளே வருகிறார்கள். நம் ஊரில் வேலைப் பெயர்களை மாற்றும் நிறுவனங்கள் பெரும்பாலும் முதல் படியோடு நின்றுவிடுகின்றன. பெயரை மாற்றிய பிறகும் பெண்கள் வரவில்லையே என்று அவர்கள் சொல்வதற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

தமிழ் நாளிதழ்களின் வரி விளம்பரப் பக்கத்தைத் திருப்பினால் இந்த மாதிரி ஒன்று கண்ணில் படாமல் போகாது:

“புதிதாகத் திறக்க இருக்கும் ஜவுளிக் கடைக்கு சேல்ஸ்மேன், சேல்ஸ் கேர்ள், கேஷியர் (ஆண்), ரிசப்ஷனிஸ்ட் (பெண், 18–25), டெலிவரி பாய், வாட்ச்மேன் தேவை. தங்குமிடம், உணவு இலவசம். நேரில் வரவும்.”

இதைத் திருத்தி எழுத உட்கார்ந்தால், பெயர்களுக்குள் எவ்வளவு விஷயம் ஒளிந்திருக்கிறது என்பது ஒவ்வொன்றாக வெளியே வரும். சேல்ஸ்மேன், சேல்ஸ் கேர்ள் இரண்டையும் ‘விற்பனையாளர்’ என்று ஒன்றாக்குவது எளிது. நியாயவிலைக் கடைகளுக்கு ஆள் எடுக்கும்போது கூட்டுறவுத் துறை இந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறது. சிக்கல் அடுத்த நிமிடம் வரும். பெயர் இரண்டாக இருந்தவரை சம்பளமும் இரண்டாக இருக்க முடிந்தது. வேட்டிப் பிரிவில் நிற்பவருக்கு ஒரு தொகை, சேலைப் பிரிவில் நிற்பவருக்கு வேறொரு தொகை. கேட்டால் அது வேறு வேலை என்று சொல்லிவிடலாம். பெயர் ஒன்றானதும் விற்பனையாளருக்கு எவ்வளவு என்று ஒரே எண்ணை எழுத வேண்டியிருக்கிறது. இந்த இடத்தில் முதலாளி தயங்கினால், தடை மொழியில் இல்லை, சம்பளப் பட்டியலில் இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். பெயர் மாற்றத்தால் கிடைக்கும் பயன்களில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

‘கேர்ள்’, ‘பாய்’ இரண்டிலும் இன்னொரு கேடு இருக்கிறது. நாற்பது வயதுப் பெண் கடையில் ‘கேர்ள்’; பேரன் எடுத்தவர் அலுவலகத்தில் ‘ஆபீஸ் பாய்’. அவை வயதையும் சேர்த்தே குறைக்கின்றன. சம்பளம் உயர்த்தித் தர வேண்டிய மூத்த ஊழியர் என்ற எண்ணமே எழாதபடி அந்தப் பெயர் பார்த்துக்கொள்கிறது. அமெரிக்கத் தொழிலாளர் துறை 1970-களின் நடுவில் தன் தொழிற்பெயர் அகராதியைத் திருத்தியபோது, பாலினத்தைக் குறிக்கும் பெயர்களோடு வயதைக் குறிக்கும் பெயர்களையும் சேர்த்துத்தான் நீக்கியது. ‘டெலிவரி ஊழியர்’, ‘அலுவலக உதவியாளர்’ ஆகியவை நமக்குப் புழக்கத்தில் உள்ள சொற்களே. வாட்ச்மேனுக்குக் ‘காவலாளி’ இருக்கிறது.

அடைப்புக்குறிக்குள் இருக்கும் ‘ஆண்’, ‘பெண்’ இரண்டும் சற்று அழுத்தமானவை. கேஷியர் ஏன் ஆணாக இருக்க வேண்டும் என்று கடைக்காரரைக் கேட்டால், இரவு பத்து மணிக்குக் கணக்கு முடித்துப் பணத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் கிளம்ப முடியும் என்பார். அப்படியானால் விளம்பரத்தில் எழுத வேண்டியது அதைத்தான்: ‘காசாளர், இரவு 10 மணிக்குக் கணக்கு முடித்துக் கிளம்ப வேண்டும்.’ பக்கத்துத் தெருவில் வீடு இருக்கும் ஒரு பெண்ணுக்கு அது தடையே இல்லை. கடைசிப் பேருந்து ஒன்பதரைக்குப் போய்விடுகிற ஊரைச் சேர்ந்த ஆணுக்கு அது பெரிய தடை. ‘டெலிவரி பாய்’ என்பதன் உள்ளே இருக்கும் உண்மையான தேவை இருசக்கர வாகன உரிமம். அதை எழுதினால் போதும். ரிசப்ஷனிஸ்ட் விஷயத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டால் வேலை சார்ந்த காரணம் எதுவுமே கிடைக்காது. தொலைபேசியில் தெளிவாகப் பேசவும் வருபவர்களை விசாரித்து அனுப்பவும் பதினெட்டு முதல் இருபத்தைந்து வயதுக்குள் பெண்ணாக இருக்க வேண்டியதில்லை. அங்கே நீக்க வேண்டியது நிபந்தனையை.

கடைசி வரியையும் விட்டுவிடக் கூடாது. ‘தங்குமிடம் இலவசம்’ என்ற இரண்டு சொற்களைப் படிக்கும் பெண், அது எப்படிப்பட்ட தங்குமிடம் என்று யோசிப்பார். கடை மாடியில் பத்துப் பேர் பாய் விரித்துப் படுக்கும் கூடமாக இருந்தால் அவர் வரமாட்டார். பெண்களுக்குத் தனி விடுதி இருக்கிறதென்றால் அதைச் சொல்ல வேண்டும். இல்லையென்றால், மேலே ‘விற்பனையாளர்’ என்று பொதுவாக எழுதியிருந்தாலும் அந்த வேலை ஆண்களுக்கானதாகத்தான் இருக்கும்.

இவ்வளவையும் சரிசெய்தால் விளம்பரம் இப்படி வரும்:

“புதிய ஜவுளிக் கடைக்கு விற்பனையாளர், காசாளர் (இரவு 10 மணி வரை), வரவேற்பாளர், டெலிவரி ஊழியர் (இருசக்கர வாகன உரிமம் தேவை), காவலாளி தேவை. பெண், ஆண், திருநர் அனைவரும் வரலாம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி விடுதி, உணவு இலவசம்.”

நீளம் கொஞ்சம் கூடியிருக்கிறது. வரிக் கணக்கில் கட்டணம் வாங்கும் பக்கத்தில் அது செலவுதான். ஆனால், காசு கொடுத்து வாங்கும் அந்தச் சொற்கள் பயனுள்ளவை: கேட்டுவிட்டுத் திரும்பிப் போகப் போகிறவர்கள் முதலிலேயே தெரிந்துகொள்கிறார்கள், வரக்கூடியவர்கள் தயங்காமல் வருகிறார்கள்.

‘அனைவரும் வரலாம்’ என்ற வரி தேவையா, பெயர்தான் பொதுவாகிவிட்டதே என்று கேட்கலாம். தேவை என்பதற்கு நம் மொழிக்குள்ளேயே காரணம் இருக்கிறது. ‘ஆசிரியர்’ என்பது இருபாலுக்கும் பொதுவான சொல். ஆனால், தனியார் பள்ளிகள் ‘ஆசிரியர், ஆசிரியைகள் தேவை’ என்று விளம்பரம் கொடுத்துப் பழக்கிவிட்டன. ‘ஆசிரியை’ பக்கத்தில் வந்து நின்றதும் ‘ஆசிரியர்’ ஆணாகிவிடுகிறார். அதே பள்ளி அடுத்த வரியில் ‘தலைமை ஆசிரியர் தேவை’ என்று மட்டும் எழுதினால், அதைப் படிக்கும் ஆசிரியை தன்னை அதில் பார்ப்பாரா? ஒரு பட்டியலில் எல்லாப் பதவிக்கும் ஒரே முறையைக் கையாள வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். ஒன்றுக்கு இரட்டைப் பெயர், ஒன்றுக்குப் பொதுப்பெயர் என்று கலந்தால், பொதுப்பெயர் ஆண்பால் பெயராகிவிடுகிறது. இரட்டைப் பெயரில் திருநர்களுக்கு இடமே இல்லை என்பது அடுத்த குறை. திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2019 வேலைவாய்ப்பில் அவர்களுக்கு எதிராகப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது.

பிரிட்டன் இதைச் சட்டத்திலேயே எழுதி வைத்தது. அங்கே 1975-இல் வந்த பாலினப் பாகுபாட்டுச் சட்டத்தின் 38-ஆவது பிரிவு, ‘வெயிட்டர்’, ‘சேல்ஸ்கேர்ள்’, ‘போஸ்ட்மேன்’, ‘ஸ்டூவர்டஸ்’ ஆகிய பெயர்களை எடுத்துக்காட்டாகவே குறிப்பிட்டது. பாலினம் தொனிக்கும் இப்படிப்பட்ட பெயரை விளம்பரத்தில் பயன்படுத்தினால், பாகுபாடு காட்டும் எண்ணம் இருப்பதாகவே கொள்ளப்பட்டது. அப்படி இல்லை என்று விளம்பரத்திலேயே தெரிவித்திருந்தால் மட்டும் விலக்கு. ‘போஸ்ட்மேன் தேவை, பெண்களும் விண்ணப்பிக்கலாம்’ என்றால் சட்டம் ஏற்றுக்கொண்டது. பழகிய பெயரை விட முடியாத இடத்தில் வெளிப்படையான அழைப்பு வேண்டும் என்ற அந்த அணுகுமுறையை நான் மதிக்கிறேன்.

பழைய பெயரை மாற்றவே முடியாத இடங்கள் நம்மிடமும் உண்டு. ஐ.டி.ஐ.யில் ‘வயர்மேன்’ ஒரு பயிற்சிப் பிரிவின் பெயர். சான்றிதழில் அப்படித்தான் அச்சாகி வருகிறது. விளம்பரத்தில் தகுதியாக அதைக் குறிப்பிடும்போது நம் விருப்பப்படி மாற்றினால், படித்தவருக்கே தன் படிப்புதான் அது என்று புரியாமல் போகும். பதவியின் பெயர் நம் கையில் இருக்கிறது, சான்றிதழின் பெயர் இல்லை. ‘மின்பணியாளர் தேவை, தகுதி: ஐ.டி.ஐ. வயர்மேன், பெண்களும் விண்ணப்பிக்கலாம்’ என்று இரண்டையும் பிரித்து எழுதுவதே வழி.

பாலினத்தைக் குறிப்பிட்டே ஆக வேண்டிய வேலைகளும் சில இருக்கின்றன. பெண்கள் விடுதிக் காப்பாளர், பெண் பயணிகளைச் சோதனையிடும் ஊழியர் போன்றவை. அங்கே பெண் என்று எழுதுவதில் தவறில்லை. எதற்காக என்று ஒரு சொல் சேர்த்து எழுதினால் போதும். காரணத்தை எழுத முற்பட்டு எழுத முடியாமல் போனால், அந்த நிபந்தனைக்கே காரணம் இல்லை.

பெயரைப் பொதுவாக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ‘ஓட்டுநர்’ என்பதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. ஆனால், தமிழக அரசுப் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த வசந்தகுமாரி உட்கார்ந்தது 1993-இல்தான். அதுவரை அந்தப் பொதுப்பெயருக்கு ஆண் முகம்தான் இருந்தது. தமிழில் நல்ல பொதுச்சொற்கள் இருக்கின்றன என்று நாம் பெருமைப்படுவதை நிறுத்திவிட்டு, அந்தச் சொற்களுக்குக் கீழே அழைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தெலங்கானாவில் நடந்தது இதற்கு அருகிலேயே இருக்கிறது. அங்கே மின் விநியோக நிறுவனம் 2019-இல் ‘ஜூனியர் லைன்மேன்’ பதவிகளுக்கு ஆள் எடுக்க அறிவிப்பு வெளியிட்டது. பெண்கள் விண்ணப்பிக்க முடியாது என்பது நிலைமை. சில பெண்கள் உயர்நீதிமன்றம் சென்றார்கள்; அனுமதிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. எழுத்துத் தேர்வுக்குப் பிறகும் இழுபறி நீடித்து, மறுபடியும் நீதிமன்றப் படி ஏறித்தான் 2020 டிசம்பரில் கம்பம் ஏறும் தேர்வு அவர்களுக்கு நடந்தது. அதில் தேறிய ஒரு பெண் 2021-இல் பணியில் சேர்ந்தபோது, மாநிலத்தின் முதல் ‘லைன்வுமன்’ என்று பத்திரிகைகள் எழுதின.

அந்தப் பெண்ணைத் தேர்ந்தெடுத்தது கம்பம். குறித்த நேரத்துக்குள் ஏறி இறங்க வேண்டும் என்பது வேலையின் உண்மையான தேவை. அதை யார் செய்து காட்டினாலும் வேலை கிடைக்க வேண்டும். அறிவிப்பில் அந்தத் தேர்வை விவரமாக எழுதி, ‘மின்பாதைப் பணியாளர்’ என்று பெயர் வைத்து, பெண்களும் வரலாம் என்று ஒரு வரி சேர்த்திருந்தால், இரண்டு ஆண்டு வழக்கு தேவைப்பட்டிருக்காது. ‘லைன்மேன், லைன்வுமன்’ என்று இரண்டு பதவி உருவாக்குவதை நான் ஏற்கமாட்டேன். சேல்ஸ் கேர்ளுக்கு நேர்ந்ததே அதற்கும் நேரும்: ஒன்று கம்பத்துக்கும் மற்றொன்று அலுவலக மேசைக்கும் என்று பிரிந்துவிடும். பதவிக்கு ஒரு பெயர். அழைப்பில் எல்லோர் பெயரும்.

சட்டம் நம் பக்கமும் இருக்கிறது. ஒரே மாதிரியான வேலைக்கு ஆள் எடுக்கும்போது பெண்களுக்கு எதிராகப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் தன் 5-ஆவது பிரிவில் சொன்னது. அதன் இடத்துக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு, ‘பாலின அடிப்படையில்’ பாகுபாடு கூடாது என்று அதை விரித்திருக்கிறது. பெண்கள் அந்த வேலையைச் செய்யச் சட்டமே தடை விதித்திருந்தால் மட்டும் விதிவிலக்கு. தொழிற்சாலைகளில் பெண்களின் இரவுப் பணியைத் தடுத்த விதியைச் சென்னை உயர்நீதிமன்றம் 2000-இலேயே செல்லாது என்று அறிவித்துவிட்டது. ‘கேஷியர் (ஆண்)’ என்ற அடைப்புக்குறி எந்தச் சட்டத் தடையின் மேல் நிற்கிறது என்று யாராவது கேட்டால் கடைக்காரரிடம் பதில் இருக்காது.

யார் கேட்பது? தொழிலாளர் துறை ஆய்வாளர் வரி விளம்பரம் படித்துக்கொண்டிருக்க மாட்டார். கேட்கக்கூடிய இடத்தில் இருப்பவர்கள் பத்திரிகைகள்தான். அமெரிக்காவில் ‘பிட்ஸ்பர்க் பிரஸ்’ நாளிதழ் ஆண்களுக்கான வேலைகள், பெண்களுக்கான வேலைகள் என்று தனித்தனிப் பத்திகளில் விளம்பரங்களைப் போட்டுவந்தது. பெண்கள் அமைப்பு ஒன்று நகர மனித உறவுகள் ஆணையத்திடம் புகார் செய்தது. விளம்பரதாரர் கேட்டபடி போடுகிறோம், இது பத்திரிகைச் சுதந்திரம் என்று நாளிதழ் உச்சநீதிமன்றம் வரை போய் வாதாடியது. 1973 ஜூனில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நாளிதழ் தோற்றது. வணிக விளம்பரம் சட்டவிரோதமான பாகுபாட்டுக்குத் துணைபோகும்போது, அதைப் பத்தி பிரித்து வெளியிடுவதைக் கருத்துரிமை காப்பாற்றாது என்றது தீர்ப்பு. ‘நியூயார்க் டைம்ஸ்’ அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1968-இல், யாரும் தோற்கடிக்கும்வரை காத்திராமல் அந்தப் பிரிவினையைக் கைவிட்டிருந்தது. பெம் தம்பதி பத்திகளைக் கலந்தும் ஒரு சோதனை செய்து பார்த்தார்கள். பிரித்துப் போட்டபோது ‘ஆண்கள்’ பத்தி வேலைகளை ஒதுக்கிய கல்லூரிப் பெண்களில் பலர், அகர வரிசையில் கலந்து போட்டதும் அதே வேலைகளை விரும்பித் தேர்ந்தெடுத்தார்கள்.

நம் நாளிதழ்களின் விளம்பரப் பிரிவுகள் முன்பணம் வாங்கும்போதே எத்தனையோ விதிகளைச் சொல்கின்றன. சில சொற்களை ஏற்பதில்லை. சில விளம்பரங்களுக்குச் சான்று கேட்கின்றன. வேலை விளம்பரத்துக்கு இன்னும் இரண்டு விதி சேர்க்கலாம். ‘பாய்’, ‘கேர்ள்’, ‘மேன்’ என்று முடியும் பெயர்களுக்கு விளம்பரம் எழுதிக்கொள்ளும் ஊழியர் பொதுப்பெயரை எடுத்துக்கொடுக்க வேண்டும். அப்படிப்பட்ட முப்பது, நாற்பது பெயர்களுக்கு ஒரு பட்டியலை மேசைமேல் வைத்துக்கொண்டால் போதும். அடைப்புக்குறிக்குள் ‘ஆண்’ அல்லது ‘பெண்’ என்று போடச் சொன்னால், வேலை சார்ந்த காரணத்தைக் கேட்டு அதை வரியில் சேர்க்க வேண்டும். காரணம் சொல்ல முடியாவிட்டால் அந்தச் சொல்லை அச்சிடக் கூடாது. இந்தக் கட்டுரை வெளியாகும் நாளிதழும் அதைத் தன் பக்கங்களிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.